எடிட்டரின் திருத்தங்கள்: எதை ஏற்பது, எதைப் பேசுவது, எதை விடுவது

தானே புயலைப் பின்னணியாக வைத்து நான் எழுதிய நாவல், பதிப்பகத்தின் எடிட்டர் கைக்குப் போய் ஓரக்குறிப்புகளோடு திரும்பி வந்தபோது, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர கடலூரில் எனக்கு யாரும் இல்லை. எழுதுவதைப் பற்றிப் பேச நண்பர்கள் உண்டு. மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரியிலும் கூட்டங்களுக்குப் போனால் மொழி, வடிவம், அரசியல் என்று எல்லாம் பேசலாம். திருத்தச் சுற்றை எப்படிக் கடப்பது என்ற பேச்சு மட்டும் வராது. எனக்கு வந்தது மூன்று பக்கக் கடிதமும், வேர்டு கோப்பின் ஓரத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளும். படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு, இவ்வளவு மோசமாகவா எழுதியிருக்கிறேன் என்ற கூச்சம். அதற்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டு அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்ற சலிப்பு. இந்த மூன்றில் சலிப்புதான் புத்தகத்தைக் கெடுக்கும். கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும். சலிப்பில் போட்ட 'சரி' அச்சில் நிற்கும்.

நாவலைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டால் மற்றது புரியும். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம் ஒன்று. அதில் செல்வம் என்ற இளைஞன், அவனை வளர்த்த பாட்டி; அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவான். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற அவனுடைய அக்கா வீடு. 2011 டிசம்பர் 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களில் கதை முடிந்துவிடும். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தக் கூடாது. கோப்பை இரண்டு நகல் எடுத்து ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றதில் கடிதத்தையும் ஓரக்குறிப்புகளையும் கடைசிவரை படித்துவிட வேண்டும். காரணம் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் எடிட்டர் கேட்கிற கேள்விக்கு நூறாம் பக்கத்தில் அவரே பதில் கண்டுபிடித்திருப்பார். பத்தாம் பக்கத்தில் சொல்லைத் திருத்தியிருப்பார். கடிதத்தின் கடைசிப் பத்தியில் அந்தப் பகுதியே வேண்டாம் என்று எழுதியிருப்பார். வரிசையாகத் திருத்திக்கொண்டே போனால், வெட்டப்போகும் பக்கத்துக்கு ஒற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். படித்து முடித்ததும் எக்செல்லிலோ நோட்டிலோ ஓர் அட்டவணை போட வேண்டும். பக்க எண், எடிட்டர் சொன்னது, அது எதை ஆதாரமாக வைத்துச் சொல்லப்பட்டது, எந்த வகை, என்ன முடிவு, செய்தாயிற்றா என்று ஆறு கட்டம் போதும். எடிட்டர் சொன்னதை அப்படியே வெட்டி ஒட்டாமல் நம் சொல்லில் ஒரு வரியாக எழுத வேண்டும். 'இந்த இடம் ஒட்டவே இல்லை, எரிச்சலாக இருக்கிறது' என்ற குறிப்பை 'பக்கம் 61: செல்வம் அக்காவிடம் கோபப்படுவதற்குக் காரணம் தெரியவில்லை' என்று மாற்றி எழுதினால் அதிலிருந்த காரம் போய்விடுகிறது. வேலை மட்டும் மிஞ்சுகிறது.

வகை மூன்று: கட்டாயம், விவாதம், ரசனை. குறிப்பு எவ்வளவு அழுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்தால் தவறாகிவிடும். 'இது கண்டிப்பாக மாற வேண்டும்' என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு இருப்பது வெறும் ரசனையாக இருக்கும். 'நிலா?' என்று ஒரே சொல்லில் விட்டுப்போன குறிப்பு மூன்று அத்தியாயத்தைக் கவிழ்க்கும். நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எடிட்டருக்கும் எனக்கும் வெளியே இருக்கிற ஒன்றை வைத்து இதைச் சரிபார்க்க முடியுமா? நாட்காட்டி, வரைபடம், அகராதி, இலக்கண விதி, நாவலின் முந்தைய பக்கம் என்று எதைக் காட்டியாவது தீர்த்துவிட முடிந்தால் அது கட்டாயம். அப்படிக் காட்ட முடியாது, ஆனால் ஒரு வாசகர் அந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார் என்றால் அது விவாதம். யாரும் தடுக்கி விழவில்லை, எடிட்டர் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார், அவ்வளவுதான் என்றால் ரசனை.

அந்த 'நிலா?' குறிப்பையே எடுத்துக்கொள்கிறேன். 29ஆம் தேதி இரவில் செல்வம் கரைக்குப் போகிறான். 'நிலா வெளிச்சத்தில், கவிழ்ந்து கிடந்த படகின் பேர் பளிச்சென்று தெரிந்தது' என்று இருந்தது. நாட்காட்டியைப் புரட்டினால் 2011 டிசம்பர் 24 அமாவாசை. 29ஆம் தேதி இரவு நிலா ஐந்து நாள் பிறைதான். நள்ளிரவுக்கு முன்பே அதுவும் மறைந்துவிடும். போதாக்குறைக்கு வானம் முழுக்கப் புயல் மேகம். வாதாடுவதற்கு ஒன்றுமே இல்லை, கட்டாயம். இங்கே கவனிக்க வேண்டியது, 'நிலா வெளிச்சத்தில்' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் வேலை முடியாது என்பது. அந்த வெளிச்சத்தை நம்பி வேறு என்னென்ன நடந்திருக்கிறது என்று தேட வேண்டும். படகின் பேரை அவன் படிக்கிறான். அவன் அங்கே நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்க்கிறார். அடுத்த அத்தியாயத்தில் அதை ஆயாவிடம் வந்து சொல்கிறார். ஒரு நிலாவை எடுத்தால் இந்த மூன்றும் சரிந்துவிடும். திருத்திய பிறகு அந்த இடம் இப்படி ஆனது: 'டார்ச் வெளிச்சம் மழைக்குள் நாலடிக்கு மேல் போகவில்லை. தடவிப் பார்த்தான். அணியத்தில் ஒட்டுப்போட்ட இடம் விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டது. தன் படகுதான்.' பக்கத்து வீட்டுக்காரர் இப்போது அவனைப் பார்ப்பதில்லை. கரையில் ஒரு டார்ச் ஆடுவதை மட்டும் பார்க்கிறார், யாரென்று தெரியாமலே ஆயாவிடம் சொல்கிறார். ஆயா ஊகித்துக்கொள்கிறாள். முன்பு இருந்ததைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. எல்லாக் கட்டாயத் திருத்தமும் இப்படி நல்லதில் முடியும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டாயத் திருத்தத்துக்கும் கீழே, 'இதனால் வேறு எங்கே மாறும்' என்று பக்க எண்களை எழுதிவைப்பது அவசியம். அடுத்த சுற்றில் எடிட்டர் கண்டுபிடிக்கிற புதுப் பிழைகளில் பாதி, முந்தைய திருத்தம் விட்டுச்சென்றதாக இருக்கும்.

முந்திரியும் அதே வகை. புயலுக்கு மறுநாள் தோப்பில் முந்திரிக்கொட்டை கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடப்பதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மார்கழியில் மரம் தளிர்விட்டுப் பூவெடுக்கத் தொடங்கும் காலம். கொட்டை பொறுக்குவது பங்குனி, சித்திரையில். சென்னையில் இருக்கிற எடிட்டர் இதைக் கண்டுபிடித்தது ஆச்சரியமாக இருந்தது. அவர் செய்தது எளிய வேலைதான்: கதையில் வருகிற ஒவ்வொரு செடி, பழம், மீன், திருவிழாவுக்கும் பக்கத்தில் மாதத்தை எழுதி வைத்துக்கொண்டாராம். எழுதுகிறவர்கள் பிரதியை அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். உதிர்ந்த கொட்டைக்குப் பதிலாக, பூமொட்டோடு வேரோடு சாய்ந்த மரங்கள் வந்தன. கூடவே, ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்புக்கு வர மூன்று வருஷமாவது ஆகும் என்று அக்காவின் கணவர் கணக்குப் போடுகிற ஒரு வரியும் வந்தது. 31ஆம் தேதி கடலூரில் ஒரு வீட்டில் டி.வி. ஓடியதும் கட்டாயத்தில் சேர்ந்தது. அன்று ஏது கரெண்ட்? பெயரில்லாமல் வந்த ஓர் அரசு அலுவலர் பாத்திரத்துக்கு ஊர், வருஷம், பதவி மூன்றும் சேர்ந்து ஒரே ஆளைச் சுட்டும்படி இருந்தது. வழக்கு வந்தால் பதிப்பகமும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எடிட்டர் எழுதியிருந்தார். அப்படி வருகிற குறிப்பில் கலை பேசிப் பயனில்லை. பதவியை மாற்றிவிட்டேன்.

கட்டாயத்தில் ஒரு சிக்கல் உண்டு. எடிட்டர் தவறாகச் சொல்லிவிட்டால்? புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற செல்வம், திருப்பாதிரிப்புலியூர் போய் இறங்குவதற்குள் இரண்டு முறை ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிறான். 'ஏற்கெனவே ஆற்றைத் தாண்டிவிட்டானே, மறுபடியும் எதற்கு?' என்று குறிப்பு. முதல் ஆறு தென்பெண்ணை, அடுத்தது மஞ்சக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கெடிலம். எடிட்டர் சொன்னது பிழை. 'இரண்டும் வேறு வேறு ஆறு, வரைபடம் பார்க்கவும்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் கை துடிக்கும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு விஷயம் கலந்திருக்கும்: இங்கே ஏதோ இடறுகிறது என்பது ஒன்று, இப்படி மாற்று என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாவது சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடலூர்க்காரருக்கு இரண்டு பாலம் என்பது தினசரி வழி. மதுரையிலோ கோவையிலோ படிக்கிறவருக்கு 'ஆறு' என்று இரண்டு முறை வந்தால் எழுதியவர் மறந்துவிட்டார் என்றுதான் படும். நான் செய்தது, 'பெண்ணையாற்றுப் பாலம்', 'கெடிலம்' என்று பேர் சொல்லி எழுதியது மட்டும்தான். எடிட்டர் வெட்டச் சொன்ன வரி அப்படியே இருந்தது, குழப்பம் போய்விட்டது. அன்றிலிருந்து அட்டவணையில் ஏழாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தேன்: 'இடறல் உண்மையா? தீர்வு சரியா?' இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும்.

இலக்கணத் திருத்தங்களைக் கட்டாயம் என்று மொத்தமாக ஏற்றுக்கொள்ளத் தோன்றும். வேர்டில் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்கிற வசதியும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். 'முந்திரி தோப்பு' என்பதை 'முந்திரித் தோப்பு' என்று மாற்றியது சரி. 'கொடுத்து போனான்' என்பது 'கொடுத்துப் போனான்' ஆனது சரி. ஆனால் அதே வேகத்தில் 'வேலை தேடிப் போனான்' என்ற இடத்தில் ஒரு ஒற்று விழுந்து 'வேலைத் தேடிப் போனான்' என்று ஆகியிருந்தது. செல்வம் தேடிப்போனது பிழைப்பை; ஒற்று விழுந்ததும் முருகன் கையில் இருக்கிற வேலைத் தேடிப் போனவனாகிவிட்டான். ஒற்று மிகுமா மிகாதா என்பது பொருளைப் பொறுத்தும் மாறும் என்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்பதைத் தவிர வழியில்லை. ஒரு அத்தியாயத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை மிச்சப்படுத்தப் பார்க்கக் கூடாது.

பேச்சு வழக்கு பற்றிய குறிப்பு ரசனையிலும் கட்டாயத்திலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருந்தது. உரையாடலில் சில இடங்களில் 'வரேன்னு சொன்னான்' என்றும், சில இடங்களில் 'வருகிறேன் என்று சொன்னான்' என்றும் இருந்தது. எடிட்டர் எல்லாவற்றையும் 'என்று' ஆக்கச் சொன்னார். எது வேண்டும் என்பது ரசனை. அதில் என் விருப்பம் செல்லும். ஆனால் ஒரே ஆள் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசுவது பிழை. எனவே இதை இரண்டு வரியாகப் பிரித்தேன். ஒரே சீராக்குவது கட்டாயம், எந்தச் சீர் என்பது ரசனை. உரையாடலில் எங்கும் 'ன்னு', ஆசிரியர் கூற்றில் எங்கும் 'என்று' என்று முடிவு செய்து எடிட்டரிடம் எழுதினேன், உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்ததும் சீர்தான். இதை Ctrl+H போட்டு மொத்தமாக மாற்ற நினைக்க வேண்டாம். 'ன்னு' என்பதைத் தேடி 'என்று' என மாற்றினால் 'இன்னும்' என்ற சொல் 'இஎன்றும்' ஆகிவிடும், 'பின்னும்' என்பது 'பிஎன்றும்' ஆகும். தேடுவதை மட்டும் கணினி செய்யட்டும், மாற்றுவதைக் கையால் செய்யுங்கள்.

ரசனைப் பட்டியலில் சேர்ந்தவை நிறைய. 'சிரித்தான்' என்பதைப் 'புன்னகைத்தான்' ஆக்கியது, அத்தியாயத் தலைப்புகள் நீளம் என்றது, 'ஆயா' என்பதைப் 'பாட்டி' ஆக்கச் சொன்னது, இப்படி. இவற்றில் எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு நான் வைத்த அளவு: பாத்திரத்தின் வாயில் வருகிற சொல் என்றால் என் பக்கம், ஆசிரியர் கூற்றில் வருகிற சொல் என்றால் எடிட்டர் பக்கம். செல்வம் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவான். தலைப்புகளைச் சுருக்கியதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரசனைக் குறிப்புகளில் பாதியையாவது மனதார ஏற்க முடிந்தால் மீதிப் பாதியை எடிட்டர் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார். மறுக்கும்போது 'இது என் நடை' என்று எழுத வேண்டாம். அதற்கு மேல் யாராலும் பேச முடியாமல் போய்விடும். 'இந்த வீட்டில் இப்படித்தான் கூப்பிடுவார்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆனால் ரசனை என்று ஒதுக்கியவற்றை ஒருமுறை பக்க வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பக்கம் 23இல் 'காற்று வர்ணனை கொஞ்சம் நீளம்', பக்கம் 58இல் 'இங்கே வேகம் குறைகிறது', பக்கம் 97இல் 'இந்தப் பத்தியைத் தாண்டிப் படித்தேன்', பக்கம் 130இல் 'மறுபடியும் காற்றா' என்று நான்கு குறிப்புகள். தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் எடிட்டரின் விருப்பம்தான். அடுக்கிப் பார்த்தால், நான்கு அத்தியாயம் காற்றின் சத்தத்தோடு தொடங்குகிறது என்பது தெரிந்தது. இது இனி ரசனை இல்லை. வாசகர் நான்கு இடத்தில் ஒரே கல்லில் இடறியிருக்கிறார். விவாதத்துக்கு மாற்றினேன். புயல் நெருங்கி வருகிற அத்தியாயத்தில் மட்டும் காற்றை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் ஆள் பேச்சிலோ வேலையிலோ தொடங்கும்படி எழுதினேன். பக்கம் 97இல் தொடங்குகிற அத்தியாயம் இப்போது, கூரை ஓடுகளின் மேல் ஆயா பழைய வலையைப் போட்டுக் கட்டுவதிலிருந்து தொடங்குகிறது. காற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் வலையை ஏன் கட்டுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

விவாதத்தில் பெரியது மூன்றாம் அத்தியாயம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமியில் ஆயா என்ன பார்த்தாள், பிறகு நிவாரண முகாமில் எப்படி இருந்தாள் என்பது 14 பக்கத்துக்குப் போகிறது. 'கதை இங்கே நின்றுவிடுகிறது, அத்தியாயத்தையே எடுத்துவிடலாம்' என்று கடிதத்தில் இருந்தது. என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. நாவலை எழுதத் தொடங்கியதே அந்த அத்தியாயத்திலிருந்துதான். ஆனால் அது எடிட்டரிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. எழுதியவருக்கு ஒரு பகுதி ஏன் பிரியம் என்பதற்கும், வாசகருக்கு அது ஏன் தேவை என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. எனவே ஒரு சோதனை செய்தேன். கோப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைப் படித்து, எங்கெங்கே ஓட்டை விழுகிறது என்று குறித்தேன். ஏழாம் அத்தியாயத்தில், வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஆயா பிடிவாதம் பிடிப்பது காரணமில்லாமல் நின்றது. பதினொன்றில், அலைச் சத்தம் கேட்டதும் அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது புரியவில்லை. இந்த இரண்டுக்கும் தேவைப்பட்டது அன்று காலை கடலோரத்தில் நடந்தது மட்டும். முகாம் பகுதியை எடுத்தபோது எங்குமே ஓட்டை விழவில்லை.

எடிட்டருக்கு எழுதிய பதிலை அப்படியே தருகிறேன். இந்த மாதிரி இடத்தில் எப்படிப் பேசுவது என்பதுதான் நான் தேடிக் கிடைக்காமல் போனது. 'மூன்றாம் அத்தியாயம்: முழுவதும் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தீர்கள். கதை நிற்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏழிலும் பதினொன்றிலும் ஆயா நடந்துகொள்வதற்குக் காரணம் இங்கே மட்டும்தான் இருக்கிறது. அதனால் சுனாமி அன்று காலையை வைத்துக்கொண்டு முகாமை முழுவதும் எடுத்துவிட்டேன். 14 பக்கம் 6 பக்கமாகிவிட்டது. இப்போதும் இடறுகிறதா என்று படித்துச் சொல்லுங்கள்.' முதலில் அவர் சொன்னதில் எதை ஏற்கிறோம் என்று சொல்ல வேண்டும். பிறகு பக்க எண்ணோடு காரணம். பிறகு நாம் ஏற்கெனவே செய்துவிட்ட மாற்று. கடைசியில் அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. செய்யப்போவதைச் சொல்லி அனுமதி கேட்பதைவிட, செய்து காட்டிவிட்டுக் கேட்டால் பேச்சு அந்த ஆறு பக்கத்தோடு நிற்கும். போனில் பேசினால் பேசிய அன்றே, 'இன்று முடிவானவை' என்று நாலு வரி மெயில் அனுப்பிவிட வேண்டும். ஓரக்குறிப்புக்குக் கீழே பதில், அதற்குக் கீழே பதில் என்று கோப்புக்குள்ளேயே வாதாடினால், எது கடைசி முடிவு என்பது ஒரு வாரத்தில் இருவருக்குமே தெரியாமல் போகும்.

அந்த 8 பக்கம் குறைந்ததில் எனக்குத் தெரியாத வேறு ஒரு கணக்கும் இருந்தது. கடிதத்தின் ஓரத்தில், 'மொத்தத்தில் எட்டுப் பக்கமாவது குறைந்தால் நல்லது' என்று எடிட்டர் எழுதியிருந்தார். அது ரசனை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். புத்தகம் டெமி அளவு, 16 பக்கம் ஒரு ஃபாரம். 216 பக்கம் என்றால் பதின்மூன்றரை ஃபாரம். அரை ஃபாரம் என்பது காகிதத்திலும் மடிப்பிலும் பைண்டிங்கிலும் அச்சகத்துக்குத் தொந்தரவு. 208 என்றால் சரியாகப் பதின்மூன்று. இப்படி ஒரு குறிப்பு எந்த வகையிலும் சேராமல் நின்றால், 'இது பிரதிக்காகவா, பக்கக் கணக்குக்காகவா?' என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். பக்கக் கணக்கு என்றால் எங்கே வெட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இனி பணம் போன இடம். எடிட்டிங் முடிவதற்கு முன்பே பதிப்பகம் பக்க வடிவமைப்புக்குக் கொடுத்துவிட்டது. புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற அவசரம். சந்தித் திருத்தங்கள் எல்லாம் லேஅவுட் கோப்பிலேயே ஏறின. அதன் பிறகுதான் மூன்றாம் அத்தியாயம் பற்றிய பேச்சு முடிவுக்கு வந்தது. எட்டுப் பக்கம் போனதும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாப் பக்கமும் நகர்ந்தன. முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. பக்கத்துக்கு 40 ரூபாய் வீதம் 208 பக்கத்துக்கு 8,320 ரூபாய். அதை என் கணக்கில் எழுதினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போய், கண்காட்சியும் கைவிட்டுப்போனது. எனக்கு இது இன்றும் வருத்தம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: விவாதக் குறிப்புகள் முடியும் வரை பக்கம் கட்ட அனுப்பக் கூடாது, எழுதியவர் கேட்காமல் வந்த மறுகட்டலுக்கு எழுதியவர் பணம் தரமாட்டார். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது.

இதே காரணத்தால் வேலையின் வரிசையும் முக்கியம். பிரிக்கும்போது கட்டாயம் முதலில் வருகிறது, ஆனால் செய்யும்போது விவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அத்தியாயம் இருக்குமா போகுமா, எது எங்கே நகரும் என்பதை முடிவு செய்துவிட்டு, நிலா, முந்திரி, கரெண்ட் மாதிரியான தகவல் பிழைகளுக்கு வர வேண்டும். ரசனையில் ஏற்றுக்கொண்டவை அதற்குப் பிறகு. சந்தியும் நிறுத்தற்குறியும் கடைசியில். தகவல் பிழைகளைத் திருத்தும்போது புது வாக்கியங்கள் எழுதுகிறோம், அவற்றுக்கும் ஒற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா? எடிட்டர் பார்க்காத வாக்கியம் ஒன்றுகூட அச்சுக்குப் போகக் கூடாது என்பதால், புதிதாக எழுதியவற்றை மட்டும் மஞ்சள் அடித்து அவருக்குத் திருப்பி அனுப்பினேன்.

பக்கம் கட்டி மெய்ப்பு வந்த பிறகு கடைசியாக ஒரு தடவை அட்டவணையை எடுத்து, 'செய்தாயிற்று' என்று போட்ட ஒவ்வொரு வரியையும் மெய்ப்பில் தேடிப் பார்க்க வேண்டும். வேர்டில் செய்த திருத்தம் லேஅவுட்டில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது; பழைய கோப்பிலிருந்து எடுத்திருப்பார்கள். என் மெய்ப்பில் பதினொன்றாம் அத்தியாயம் பழைய வடிவத்திலேயே இருந்தது. பொருளடக்கத்தில் பக்க எண்கள் எட்டுத் தள்ளி நின்றன. யூனிகோடிலிருந்து அச்சகத்து எழுத்துருவுக்கு மாற்றினால் மேற்கோள் குறிகள் சில இடங்களில் வேறு எழுத்தாகிவிடும். அதனால் உரையாடல் தொடங்குகிற இடங்களையும் முடிகிற இடங்களையும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போவது நல்லது.